சினைப் பூனையின் வயிற்றைப் படத்தில் பார்த்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

"சினையா? எத்தனை நாள் ஆகியிருக்கும்? எத்தனை குட்டி போடும்?" ஒரே ஒரு படத்தை அனுப்பிவிட்டு இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்பவர்கள்தான் அதிகம். முதல் கேள்விக்குப் படம் ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவதற்கு, ஒரே பூனையின் பல நாள் படங்கள் இருந்தால், இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே என்று ஓர் இடைவெளியைச் சொல்லலாம். மூன்றாவதற்குப் படத்தில் பதிலே கிடையாது.

படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கும், தங்கள் பூனையை நாள்தோறும் படமெடுத்துக் கவனிக்க நினைப்பவர்களுக்கும் இது உதவும். பெரும்பகுதி பூனையைப் பற்றியது. நாயின் உடல் வேறு கணக்கில் மாறுகிறது என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறோம்.

படம் எடுக்கும் முறை

தவறான ஊகங்களில் பாதி, படம் எடுத்த விதத்தால் வருபவை. செல்போன் கேமராவைப் பூனைக்கு ஒரு அடி தூரத்தில் பிடித்தால், லென்ஸுக்கு எந்தப் பகுதி அருகில் இருக்கிறதோ அது பெரிதாகத் தெரியும். வயிற்றுக்கு நேராகப் பிடித்தால் எந்தப் பூனையும் சினைப் பூனைதான். அதனால் ஒன்றரை மீட்டராவது தள்ளி நின்று, ஜூமை இரண்டு மடங்கு வைத்து எடுங்கள்.

மூன்று படங்கள் போதும். முதலாவது பக்கவாட்டுப் படம். பூனை நான்கு காலிலும் நிற்க வேண்டும், தலை நேராக இருக்க வேண்டும், கேமரா வயிற்றின் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் தரையில் உட்கார வேண்டியிருக்கும். இரண்டாவது, முதுகெலும்புக்கு நேர் மேலே கேமராவைப் பிடித்து எடுப்பது. முதுகு வளையாமல் நேராக இருக்கும் நொடியில் எடுத்தால்தான் இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும். மூன்றாவது, முலைக்காம்புகளின் படம். பூனை தானாகவே ஒருக்களித்துப் படுக்கும்போது மட்டும் எடுங்கள்.

முன்னங்கால்களின் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பிடித்து எடுக்கும் படங்கள் நிறைய வருகின்றன. அந்த நிலையில் வயிற்றில் உள்ளதெல்லாம் கீழே சரிந்து, சினை இல்லாத பூனைக்கும் அடிவயிறு புடைத்துத் தெரியும். உண்மையாகவே சினையாக இருந்தால் அதற்கு வலிக்கவும் செய்யும். கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கும் படமும் பயன்படாது, அப்படி உட்கார்ந்தால் ஒல்லிப் பூனைகூட உருண்டையாகத்தான் இருக்கும்.

தொடர்ந்து எடுப்பதாக இருந்தால் நாலைந்து நாளுக்கு ஒரு முறை, அதே இடத்தில், அதே தூரத்தில், உணவு வைப்பதற்கு முன்பு எடுங்கள். தரையில் ஓடுகளின் கோடுகள் தெரிந்தால் நல்லது, அவையே அளவுகோல் ஆகும். கூடவே எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். பூனையைக் கூண்டோடு தராசில் வைத்து, காலிக் கூண்டின் எடையைக் கழித்தால் போதும்.

முதலில் கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்

புதியவர்கள் செய்யும் தவறு, முடிவை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு அதற்கான அடையாளங்களைத் தேடுவது. இந்த வரிசையை மாற்றிக்கொண்டால் நிறையப் பிழை குறையும். "ஆறு வாரச் சினை மாதிரி இருக்கிறது" என்பது ஊகம். "மேலிருந்து பார்க்கையில் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கவில்லை, இரு பக்கமும் வெளியே தள்ளியிருக்கிறது" என்பது பார்த்தது. பார்த்ததை எழுதி வைத்தால், வேறொருவர் அதே படத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடியும். வெறும் ஊகத்தை யாரும் சரிபார்க்க முடியாது.

வயிற்றுக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அது பெண்தானா. ஆரஞ்சு நிறப் பூனைகளில் பெரும்பாலானவை ஆண். மூவண்ணப் பூனை அநேகமாக எப்போதும் பெண். வாலைத் தூக்கிய படம் ஒன்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். சிரிக்காதீர்கள், தின்று கொழுத்த ஆண் பூனைக்குப் பிரசவப் பெட்டி தயாராவது அவ்வளவு அரிதல்ல. இரண்டு, காது. தெருவில் வாழும் பூனையின் ஒரு காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், கருத்தடை செய்து விட்டதற்கான அடையாளமாக அது இருக்கலாம்.

அடுத்து மேலிருந்து எடுத்த படம். மார்பு எங்கே அகலமாக இருக்கிறதோ அந்த அகலத்தையும், வயிறு எங்கே அகலமாக இருக்கிறதோ அந்த அகலத்தையும் திரையிலேயே அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். இரண்டும் ஒரே படத்தில் இருப்பதால் கேமரா தூரம் கொஞ்சம் மாறினாலும் இந்த விகிதம் அதிகம் மாறாது. மெலிந்த பூனையில் இது ஒன்றுக்குக் கீழே இருக்கும். இதை வைத்து வாரம் சொல்ல முடியாது. அதே பூனையின் போன வார அளவோடு ஒப்பிடத்தான் இது.

பக்கவாட்டுப் படத்தில், அடிவயிற்றுக் கோடு பின்புறமாக ஏறுகிறதா, தரைக்கு இணையாகப் போகிறதா, தொங்குகிறதா என்று எழுதுங்கள். பல பூனைகளுக்குப் பின்னங்கால்களுக்கு முன்னால் ஒரு தோல் மடிப்பு தொங்கும், நடக்கும்போது இரு பக்கமும் ஆடும். அது பிறவி அமைப்பு. சினை வயிறு விலா முடியும் இடத்திலிருந்தே நிறைந்து, இறுக்கமாக இருக்கும், ஆடாது.

கடைசியாக முதுகும் இடுப்பெலும்பும். வயிறு பெரிதாக இருந்து, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

பூனையின் ஒன்பது வாரங்கள்

பூனை இணைசேர்ந்ததிலிருந்து பெரும்பாலும் 63 முதல் 67 நாளுக்குள் குட்டி போடும். முதல் இரண்டு வாரங்களில் வெளியே எதுவும் தெரியாது. அந்தக் கட்டத்தில் எடுத்த படத்தைப் பார்த்து யார் என்ன சொன்னாலும் அது குருட்டு ஊகம்.

மூன்றாவது வாரத்தை ஒட்டி முலைக்காம்புகள் சற்றுப் பருத்து, இளஞ்சிவப்பாகும். சுற்றியுள்ள முடி விலகி, காம்பு எடுப்பாகத் தெரியும். பூனைக்குப் பொதுவாக நான்கு ஜோடிக் காம்புகள் இருக்கும், பின்புறக் காம்புகளைத்தான் படத்தில் பார்ப்பது எளிது. முதல் சினையில் இந்த மாற்றம் தெளிவாக இருக்கும். முன்பே குட்டி போட்டுப் பால் கொடுத்த பூனையின் காம்புகளோ எப்போதுமே நீண்டிருக்கும், அதில் இந்த அடையாளம் கிட்டத்தட்ட மதிப்பிழந்துவிடும். அதனால் "இதற்கு முன் குட்டி போட்டிருக்கிறதா?" என்ற கேள்விக்கு விடை தெரியாமல் காம்பை வைத்து நாள் சொல்லாதீர்கள்.

நான்காவது வாரத்துக்குப் பின் இடுப்பின் உள்வளைவு மறையத் தொடங்கும். ஐந்து, ஆறாவது வாரங்களில் வயிறு இரு பக்கமும் வெளியே தள்ளும். ஏழாவது வாரத்துக்குப் பின் அகலமான இடம் பின்னால் நகர்ந்து, மேலிருந்து பார்க்கச் சுரைக்காய் வடிவம் வரும். பூனை ஒருக்களித்துப் படுத்திருக்கையில் வயிற்றுத் தோலுக்கு அடியில் குட்டிகள் அசைவதும் இந்தக் கட்டத்தில்தான் தெரியும். கடைசி வாரத்தை ஒட்டிக் காம்பு மட்டுமில்லாமல் அதைச் சுற்றிய பால்மடியும் திரண்டு மேடாகும்.

மேலே சொன்ன வாரங்கள் சராசரிப் பூனைக்கானவை. ஒரே ஒரு குட்டியைச் சுமக்கும் பூனை எட்டாவது வாரத்திலும் ஐந்தாவது வாரப் பூனை போல இருக்கலாம். நீண்ட முடி உள்ள பூனையில் இடுப்பு வளைவே படத்தில் தெரியாது. அங்கே எடைதான் கைகொடுக்கும்.

ஒரு பூனையை வைத்துக் கணக்குப் போடுவோம்

குட்டை முடி உள்ள சாம்பல் நிறப் பூனை, ஒன்றரை வயது. குட்டியிலிருந்து ஒரே வீட்டில் வளர்கிறது, இதுவரை குட்டி போட்டதில்லை. இரவில் வெளியே போய் வரும், அதனால் இணைசேர்ந்த நாள் தெரியாது.

முதல் தொகுப்பு. மேலிருந்து பார்க்க இடுப்பு வளைவு லேசாக இருக்கிறது, வயிறு-மார்பு விகிதம் 0.9. காம்புகள் சிவந்து எடுப்பாக உள்ளன. எடை 3.2 கிலோ. முதல் சினைக்கான சூழ்நிலை என்பதால் காம்பை நம்பலாம். சினையாக இருந்தால் 18 நாளாவது ஆகியிருக்க வேண்டும். இடுப்பு இன்னும் தெரிவதால் 35 நாளைத் தாண்டியிருக்காது. ஆக, 18 முதல் 35 நாள். "சினையாக இருந்தால்" என்ற சொல்லை இந்தக் கட்டத்தில் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் இதுவரை உள்ள ஆதாரம் காம்பு ஒன்றுதான்.

இரண்டாவது தொகுப்பு, 12 நாள் கழித்து. இடுப்பு வளைவு இல்லை, விகிதம் 1.2. அடிவயிற்றுக் கோடு லேசாகக் கீழிறங்கியிருக்கிறது. எடை 3.6 கிலோ. முதுகெலும்பின் மேல் சதை முன்போலவே இருக்கிறது. பழைய இடைவெளியோடு 12 நாளைக் கூட்டினால் 30 முதல் 47 நாள் வரும். பார்த்த வடிவம் அதற்குள் பொருந்துகிறது. இப்போது "சினையாக இருக்க வாய்ப்பு அதிகம்" என்று சொல்லலாம்.

மூன்றாவது தொகுப்பு, மேலும் 10 நாள் கழித்து. விகிதம் 1.5, அகலமான இடம் இடுப்பை நோக்கி நகர்ந்திருக்கிறது. எடை 4 கிலோ. மடி திரளத் தொடங்கியிருக்கிறது, படுத்திருக்கையில் அசைவு தெரிவதாக வளர்ப்பவர் சொல்கிறார். கூட்டல் கணக்குப்படி 40 முதல் 57 நாள். அசைவும் மடியும் சினையின் பிற்பகுதிக்கு உரியவை என்பதால் கீழ் எல்லையை 48க்கு உயர்த்தலாம்: 48 முதல் 57 நாள்.

இனிப் பிரசவத்துக்கு எவ்வளவு? 57 நாள் ஆகி, 63இல் போட்டால் 6 நாள். 48 நாள்தான் ஆகி, 67 வரை போனால் 19 நாள். சொல்ல வேண்டிய விடை இதுதான்: "இன்னும் 6 முதல் 19 நாளுக்குள்." நடுவில் உள்ள 12 அல்லது 13ஐ எடுத்துச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அதை நம்பி எட்டாவது நாள் ஊருக்குப் போகிறவர்கள் இருப்பார்கள்.

மூன்று தொகுப்பும் மூன்று வாரக் கவனிப்பும் இருந்தே இடைவெளி இரண்டு வாரம் அகலமாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்தப் பூனை முன்பே குட்டி போட்டிருந்தால், முதல் தொகுப்பின் 18 நாள் என்ற கீழ் எல்லையே கிடைத்திருக்காது. மூன்றாவது தொகுப்பு மட்டும் கையில் இருந்திருந்தால், "கடைசி மூன்று வாரங்களில் இருக்கலாம்" என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

நாயில் ஏன் இது பொருந்தாது

பூனை சினையான நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடை கூடிக்கொண்டு வரும். நாயின் எடையோ முதல் ஐந்து, ஆறு வாரம் பெரிதாக ஏறாது, கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில்தான் விரைவாக ஏறும். அதனால் ஐந்தாவது வாரத்தில் எடுத்த நாயின் படத்தில் வயிறு தெரியவில்லை என்றால், அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆழமான மார்புக்கூடு உள்ள பெரிய நாய்களில் ஒன்றிரண்டு குட்டிகள் விலாவுக்கு அடியிலேயே அடங்கிவிடும். கடைசி வாரம் வரை கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் பொய்ச்சினை. நாய் ஹீட்டுக்கு வந்து முடிந்த பின், சினையானாலும் ஆகாவிட்டாலும் அதன் உடலில் புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மாதம் உயர்ந்தே இருக்கும். அது இறங்கும்போது, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடும். அதன் விளைவாக, இணையே சேராத நாய்க்கும் மடி திரளும், பால்கூட வரும், மூலையில் துணியை இழுத்துப் போட்டுப் படுக்கை செய்யும், வயிறும் சற்றுப் பெருக்கும். ஹீட் முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில், அதாவது நிஜச் சினை வெளியே தெரியும் அதே நேரத்தில் இது வரும். இரண்டையும் படத்தில் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மடியைப் பார்த்து நாய்க்குச் "சினைதான்" என்று உறுதி சொல்வதை அறவே விட்டுவிடுங்கள்.

நாள் கணக்கிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நாயின் கருமுட்டை வெளிவந்ததிலிருந்து எண்ணினால் 63 நாள், ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆனால் விந்தணுக்கள் நாயின் உடலில் பல நாள் உயிரோடு இருக்கும் என்பதால், இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை விரியும். இணைசேர்ந்த நாள் தெரிந்தும் இவ்வளவு இடைவெளி வருகிறது. வெறும் படத்தை வைத்து நாய்க்குத் தேதி சொல்பவரை எப்படி நம்புவது?

எத்தனை குட்டி என்பது ஏன் தெரியாது

வயிற்றின் அளவு குட்டிகளின் எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு குட்டியின் அளவு, அதைச் சுற்றிய நீர், நஞ்சுக்கொடி, தாயின் கொழுப்பு, குடலில் உள்ள உணவு எல்லாம் சேர்ந்ததுதான் அது. பல முறை குட்டி போட்ட தாய்க்கு வயிற்றுச் சுவர் தளர்ந்திருக்கும். மூன்று குட்டிக்கே அது ஆறு குட்டி போல இறங்கும். இளம் தாயின் இறுக்கமான வயிற்றில் ஐந்து இருந்தும் அடக்கமாகத் தெரியும்.

ஸ்கேனில்கூட எண்ணிக்கை தவறலாம். குட்டிகளுக்கு இதயம் துடிக்கிறதா என்று பார்க்க அது சிறந்தது; ஆனால் கருப்பை மடிந்து மடிந்து கிடப்பதால் ஒரே குட்டியை இரண்டு முறை எண்ணவும், ஒன்றை விட்டுவிடவும் நேரும். நம்பகமான எண்ணிக்கை கடைசிப் பத்து நாளில் எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் கிடைக்கும். அதற்குள் எலும்புகள் போதிய அளவு இறுகியிருக்கும், மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் தனித்தனியே எண்ணலாம். 45 நாளுக்கு முன் எடுத்தால் எலும்பு சரியாகத் தெரியாமல், சினையே இல்லை என்ற தவறான முடிவுக்கும் வரக்கூடும். மேலே கணக்குப் போட்ட பூனைக்கு மூன்றாவது தொகுப்பிலிருந்து நாலைந்து நாளில் எடுப்பது சரியாக இருக்கும். இந்த எண் ஆவலுக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. நான்கு என்று தெரிந்திருந்தால், மூன்றோடு நின்றுவிட்ட பிரசவம் முடியவில்லை என்பது தெரியும்.

குட்டிகளைக் கையால் தொட்டு எண்ணிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பழகிய மருத்துவர் மூன்று, நான்காவது வாரங்களில் கருப்பையின் வீக்கங்களைத் தனித்தனியாக உணர்வார். அதற்குப் பின் அவை ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், அவருக்கே பிடிபடாது. பழகாத விரல் அழுத்தினால் கருவுக்கு ஆபத்து.

சினை அல்லாத பெரிய வயிறு

முதுகும் இடுப்பும் எலும்பாகி, வயிறு மட்டும் பெருத்திருக்கும் இளம் பூனையில் வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். பூனைக் கொரோனா வைரஸ் திரிந்து உண்டாகும் எஃப்.ஐ.பி. நோயில் இப்படி ஆகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட பூனைகளில் இது அதிகம். ஆறு மாதத்துக்குக் குறைவான குட்டிக்கு உருண்டை வயிறு என்றால் முதலில் குடற்புழுவை நினையுங்கள். ஆனாலும் நாலைந்து மாதத்திலேயே பூனை சினையாகக் கூடும், அதனால் வயதை மட்டும் வைத்து மறுத்துவிட வேண்டாம்.

மிக அவசரமானது கருப்பையில் சீழ் பிடிப்பது, பயோமெட்ரா. ஹீட் முடிந்து சில வாரங்களில் வரும், நாய்களில் கூடுதலாக வரும். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே வராமல் வயிறு மட்டும் பெருக்கும். படத்தில் அது சினை வயிறுதான். வேறுபாடு படத்துக்கு வெளியே இருக்கிறது: நிறையத் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சுருண்டு கிடக்கும். இதனால்தான் வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்வதற்கு முன், "சாப்பிடுகிறதா? வழக்கத்தைவிடத் தண்ணீர் அதிகம் குடிக்கிறதா? ஏதாவது கசிகிறதா?" என்று மூன்றையும் கேட்டுவிட வேண்டும். ஒன்றுக்கு மோசமான பதில் வந்தாலும் படத்தை விவரிப்பதை நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

வயிறு ஓரிரு நாளில் திடீரென்று பெருத்தாலும் அதேதான், சினை அந்த வேகத்தில் வளராது. பெருத்த வயிற்றோடு மூச்சு வாங்கினாலும், துர்நாற்றமுள்ள கசிவு இருந்தாலும், குட்டி எதுவும் வராத நிலையில் பச்சை நிறக் கசிவு வந்தாலும், அரை மணி நேரம் முக்கியும் குட்டி வராவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. இணைசேர்ந்த நாள் உறுதியாகத் தெரிந்து 70 நாள் கடந்துவிட்டால், பூனை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் காட்டிவிட வேண்டும். போகும்போது தேதி குறித்த மூன்று தொகுப்புப் படங்களையும் எடைக் குறிப்பையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். வயிறு எவ்வளவு வேகத்தில் வளர்ந்தது என்பதை மேசையில் நிற்கும் பூனையைப் பார்த்து மருத்துவரால் அறிய முடியாது. அந்தப் படங்களில் அது இருக்கும்.